நல்ல மதிப்பெண்ணையும் விசாரியுங்கள்

"என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். காலாண்டுத் தேர்வில் வேதியியலில் 70-க்கு 58 வாங்கினான். 'நான் படித்தேன், வாங்கினேன்' என்றான். இயற்பியலில் 31. கேட்டால், கேள்வி பாடத்துக்கு வெளியே வந்ததாம், சார் கறாராகத் திருத்துகிறாராம். தன் தவறு என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. கண்டித்தால் இரண்டு நாள் பேசமாட்டேன் என்கிறான். இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? இரண்டு விடைத்தாள்களின் நகலையும் அனுப்பியிருக்கிறேன்."
— ஒரு விவசாயி, வீரவநல்லூர்

ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழி பாதியைத்தான் பிடித்திருக்கிறது. நன்றாக ஆடியவள் மேடை சமமாக இருந்ததைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது மறுபாதி. வெற்றிக்குக் காரணம் நான், தோல்விக்குக் காரணம் வெளியே என்று பிரித்துவைக்கும் இந்தப் பழக்கத்தை உளவியலில் தன்சார்புச் சாய்வு என்கிறோம். மாணவரிடம் மட்டுமல்ல, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இது உண்டு.

மானத்தைக் காத்துக்கொள்ளத்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அது ஓரளவு உண்மை. ஆனால் மில்லர், ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் இன்னொரு காரணத்தை எடுத்துக்காட்டினார்கள். நாம் எந்த வேலையையும் நன்றாக முடியும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்குகிறோம். எதிர்பார்த்தது நடந்தால் அது நம் முயற்சியின் பலனாகத் தெரிகிறது. நடக்காதபோது, குறுக்கே ஏதோ வந்துவிட்டது என்று தேடுகிறோம். உங்கள் மகனும் இரவெல்லாம் கண்விழித்துப் படித்திருப்பான், குறைந்தது 50 வரும் என்று நம்பியிருப்பான். 31 வந்ததும் குறுக்கே வந்தது எது என்று தேடியிருக்கிறான். கண்டிப்பதால் இந்தத் தேடல் நிற்காது, இன்னும் வேகமாகும்.

ஆகவே 'உன் தவறை ஒப்புக்கொள்' என்று கேட்பதை விட்டுவிடுங்கள். விடைத்தாளை எடுத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் எங்கே போனது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய நகலை வைத்து நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இயற்பியலில் 70-க்கு 31 என்றால் இழந்தது 39 மதிப்பெண். மாறுதிசை மின்னோட்டப் பாடத்திலிருந்து வந்த எதையும் அவன் தொடவில்லை அல்லது ஊகித்து எழுதியிருக்கிறான். அதில் 8 போனது. கணக்குகளில் 8 போனது. கட்டாய வினாவான 24-ஆம் கேள்வியிலும் சூத்திரம் சரியாக இருக்கிறது, எண்களைப் பிரதியிட்ட பிறகு அலகு தடுமாறுகிறது. வருவித்தல்களில் 10 போனது. மின் இருமுனையின் மின்புலத்தை நன்றாகத் தொடங்கி, நான்காவது வரியில் நின்றுவிடுகிறான். கடைசியில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் இரண்டு வெறுமையாக இருக்கின்றன, அதில் 10. ஆக 36. மீதி மூன்றில் இரண்டு மதிப்பெண்ணுக்கான வினாக்கள் காலாண்டுக்குரிய பகுதிக்கு வெளியே இருப்பவை. இன்னொரு மதிப்பெண் சரியான விடைக்குக் கொடுக்கப்படாமல் விடுபட்டிருக்கிறது. மகன் சொன்னது முழுக்கப் பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள். அது 39-இல் 3. அதை முதலில் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் மீதி 36-ஐப் பார்க்க அவனுக்கு மனம் வரும்.

வெறுமையாக விட்ட இரண்டு வினாக்களுக்கும் 'நேரம் போதவில்லை' என்பான். உண்மையா என்று கண்டுபிடிப்பது எளிது. அவற்றைப் புத்தகம் பார்க்காமல், கடிகாரமும் இல்லாமல் வீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் நேரம்தான் காரணம். அப்படியானால் மூன்று மணி நேரத்தைப் பிரித்து எழுதிப் பழக வேண்டும். எழுத வரவில்லை என்றால் பாடம் போதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் உங்களை நிறுத்த விடமாட்டேன். வேதியியல் தாளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அந்த 58-இல் 15 மதிப்பெண் மூன்று ஐந்து மதிப்பெண் வினாக்களிலிருந்து வந்திருக்கிறது. மூன்றுமே உலோகவியலும் வேதிவினை வேகவியலும். தேர்வுக்கு முந்தைய வாரம் வகுப்பில் இந்த இரண்டையும் வைத்துத் தேர்வு நடந்ததா என்று அவனிடமே கேளுங்கள். நடந்திருந்தால், 'நான் படித்தேன்' என்பதோடு 'படித்ததே வந்தது' என்பதும் சேர வேண்டும். தோல்வியை மட்டும் குடைந்து, வெற்றியை விசாரிக்காமல் விட்டால் சாய்வு அப்படியே இருக்கும். மகனுக்கும் அது தண்டனையாகத்தான் படும்.

கிடைத்த காரணங்களை எடைபோட பெர்னார்ட் வெய்னர் என்ற உளவியலாளரின் மூன்று கேள்விகள் போதும். காரணம் எனக்குள்ளா வெளியிலா? மாறுமா மாறாததா? என் கையில் இருக்கிறதா இல்லையா? நீங்கள் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் செய்பவராக இருந்தால் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிசானப் போகத்தில் விளைச்சல் குறைந்தால், அணையில் தண்ணீர் இல்லாததையும், நாற்று நடவு பத்து நாள் பிந்தியதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளமாட்டீர்கள். அடுத்த போகத்துக்கு நீங்கள் மாற்றக்கூடியது இரண்டாவதுதான். மகனிடமும் அதே கணக்கு: வினாத்தாள் அவன் கையில் இல்லை, அலகு எழுதுவது இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'இன்னும் கடுமையாக உழை' என்பதை மருந்தாகக் கொடுக்காதீர்கள். கரோல் டுவெக் 1975-இல் தோல்வியைக் கண்டதும் சோர்ந்துவிடும் 12 குழந்தைகளுக்கு 25 நாள் பயிற்சி கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு எளிதில் வெற்றி கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார். அவர்கள் பிறகு தோல்வி வந்தபோது பழையபடியே சரிந்தார்கள். இடையிடையே தோற்று, அதை முயற்சிக் குறைவோடு இணைத்துப் பார்க்கப் பழகியவர்கள் நிலைத்து நின்றார்கள். இதைப் பலர் 'உழைப்பு' என்று ஒற்றைச் சொல்லில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நள்ளிரவு வரை படித்தவனிடம் உழைப்புப் போதவில்லை என்றால், அப்படியானால் எனக்கு மூளை இல்லை என்றுதான் அவன் முடிவுசெய்வான். முறையைப் பற்றிப் பேசுங்கள். வருவித்தலை வாசித்துக்கொண்டே போகாமல் வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தானா, நான்காவது வரியில் எங்கே தடுக்கியது என்று கேளுங்கள்.

வேறு வகைப் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். 65 வாங்கினால் கேள்வி எளிது, 40 வாங்கினால் நான் மக்கு என்பவர்கள். அவர்களிடம் சாய்வு எதிர்ப்பக்கம். உங்கள் மகனுக்குச் சொல்வதை அவர்களுக்குச் சொன்னால் ஒடிந்துபோவார்கள். இன்னொன்றையும் பாருங்கள். பக்கத்துவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டே வளர்க்கப்பட்டவன் இயற்பியல் சாரைக் குறை சொல்வது ஒரு கேடயம். ஒப்பீட்டை நிறுத்தாமல் கேடயத்தைப் பிடுங்கக் கூடாது.

அரையாண்டுக்கு இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு தேர்வு முடிந்த அன்று மாலையும், மதிப்பெண் தெரிவதற்கு முன், எத்தனை வரும், எங்கே போகும், ஏன் என்று ஒரு நோட்டில் நான்கு வரி எழுதட்டும். மதிப்பெண் தெரிந்த பிறகு சொல்லும் காரணத்தை அந்த மதிப்பெண்ணே வளைத்துவிடுகிறது. முன்பே எழுதியதை வளைக்க முடியாது. தாள் கைக்கு வந்ததும் இரண்டையும் அவனே பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், நீங்கள் அருகில் இருந்தால் போதும்.

விடுபட்ட அந்த ஒரு மதிப்பெண்ணை மறந்துவிடாதீர்கள். நாளைக்கே தாளை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். அது அவனுக்கு உரியது.