வகுத்த இடத்தில் தொலைந்த பாதி வட்டம்

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு sin 2x > cos x என்ற அசமன்பாட்டை 0 முதல் 2π வரை தீர்க்கும் கணக்கு வந்தது. sin 2x = 2 sin x cos x என்று மாற்றி, இருபுறமும் cos x ஆல் வகுத்து, sin x > 1/2 என்று கொண்டுவந்தாள். விடை π/6 < x < 5π/6. x = π/3 போட்டுப் பார்த்தோம், சரியாகவே வந்தது. ஆனால் புத்தகத்தின் பின்பக்க விடையில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. அலகு வட்டம், குறி அட்டவணை என்று ஏதோ சொல்கிறார்கள். எங்கே தவறினோம்?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

x = π/3 ஐப் போட்ட கையோடு x = 2π/3 ஐயும் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அதாவது 120 பாகை. உங்கள் மகளின் விடைக்குள்தான் அது இருக்கிறது. ஆனால் sin 240° என்பது ஏறத்தாழ −0.87, cos 120° என்பது −0.5. இடப்பக்கம்தான் சிறியது, ஆகவே அசமன்பாடு பொய்யாகிறது. இப்போது x = π போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 0, வலப்பக்கம் −1. அசமன்பாடு உண்மை, ஆனால் அவள் விடையில் π இல்லை. ஆகாத கோணங்கள் உள்ளே வந்துவிட்டன, ஆகவேண்டியவை வெளியே நின்றுவிட்டன.

இரண்டுக்கும் காரணம் அந்த ஒரு வகுத்தல். குறை எண்ணால் வகுத்தால் அசமன்பாட்டின் குறி திரும்பும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். எதிரே −3 இருந்திருந்தால் நிச்சயம் திருப்பியிருப்பாள். cos x என்று எழுதியிருக்கும்போது அதன் குறி கண்ணுக்குத் தெரிவதில்லை, அது x ஐப் பொறுத்து மாறுகிறது. 90 பாகைக்கும் 270 பாகைக்கும் நடுவே அது குறை எண். அங்கே வகுத்தால் கிடைக்க வேண்டியது sin x < 1/2. சமன்பாட்டில் இப்படி வகுத்தால் சில தீர்வுகள் தொலையும், அவ்வளவுதான். அசமன்பாட்டிலோ விடையே தலைகீழாகிவிடும்.

ஆகவே வகுக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தச் சொல்லுங்கள்:

cos x (2 sin x − 1) > 0

இப்போது கேள்வி எளிதாகிவிட்டது. இரண்டு காரணிகளும் ஒரே குறியோடு இருப்பது எங்கே? இதற்குத்தான் வட்டம். ஒரு தாளில் ஆரம் 1 உள்ள வட்டம் வரையுங்கள். x கோணத்துக்குரிய புள்ளி (cos x, sin x). cos x மிகையாக இருப்பது என்றால் அந்தப் புள்ளி நெட்டச்சுக்கு வலப்பக்கம் இருப்பது. 2 sin x − 1 மிகையாக இருப்பது என்றால் அது 1/2 உயரத்தில் போட்ட கிடைக்கோட்டுக்கு மேலே இருப்பது. எனக்கு இந்தப் படம் ஒரு குறுக்குவழியாகத் தோன்றுவதே இல்லை. ஆரியபட்டர் காலத்தில் சைனுக்கு இருந்த பெயர் ஜ்யா, அதற்கு வில்லின் நாண் என்று பொருள். வட்டத்து நாணின் பாதியாகத்தான் அது அளக்கப்பட்டது. தமிழிலும் வில்லில் கட்டுவதும் நாண்தான், வட்டத்தில் வரைவதும் நாண்தான். நாம் போட்ட இரண்டு கோடுகளும் வட்டத்துக்குள் இரண்டு நாண்கள்.

அவை வட்டத்தை 30, 90, 150, 270 பாகைகளில் வெட்டுகின்றன. வட்டம் நான்கு வில்லாகப் பிரிகிறது. 30இலிருந்து 90 வரை புள்ளி வலப்பக்கமும் இருக்கிறது, கோட்டுக்கு மேலும் இருக்கிறது. இரண்டும் மிகை, பெருக்கல் மிகை. 90ஐத் தாண்டியதும் இடப்பக்கம் போய்விடுகிறது, ஆனால் இன்னும் கோட்டுக்கு மேலேதான். பெருக்கல் குறை. உங்கள் 120 பாகை மாட்டிக்கொண்டது இங்கேதான். 150ஐத் தாண்டிக் கீழே இறங்கியதும் இரண்டும் குறை, பெருக்கல் மறுபடி மிகை. இது 270 வரை நீள்கிறது. அதன்பின் புள்ளி வலப்பக்கம் திரும்பினாலும் கோட்டுக்குக் கீழேயே இருப்பதால் பெருக்கல் குறை. விடை:

π/6 < x < π/2 அல்லது 5π/6 < x < 3π/2

இரண்டு வில்லையும் சேர்த்தால் 180 பாகை, சரியாகப் பாதி வட்டம். மகள் எழுதியதில் இதன் முதல் 60 பாகை மட்டுமே சரி.

குறி அட்டவணை என்பது இதே வட்டத்தை 0இல் வெட்டி நீட்டி வைத்தது. மேல்வரிசையில் 0, π/6, π/2, 5π/6, 3π/2, 2π என்று எல்லைகள். கீழே cos x க்கு ஒரு வரிசை, 2 sin x − 1 க்கு ஒரு வரிசை, கடைசியில் பெருக்கலுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் + அல்லது − மட்டும். இங்கே நம் கணக்கின் பெருக்கல் வரிசை −, +, −, +, − என்று வரும். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் ஒரே குறியாக இருப்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் அல்ல. 330 பாகையும் 10 பாகையும் வட்டத்தில் ஒரே வில்லில்தான் இருக்கின்றன, தாளில்தான் பிரிந்து நிற்கின்றன. 0இல் கோவை பூச்சியமாகவில்லை என்றால் இரண்டு முனைக் கட்டங்களும் ஒத்துப்போயே ஆகவேண்டும். ஒத்துப்போகவில்லையா, எங்கோ ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டோம் அல்லது ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டோம். திருத்துகிற விடைத்தாள்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் கோவையில் x/2 போன்ற கோணம் வந்தால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. ஒரு சுற்றில் அது தொடங்கிய இடத்துக்குத் திரும்புவதில்லை. tan x வந்தால் அது வரையறுக்கப்படாத 90, 270 பாகைகளையும் எல்லைகளாகச் சேர்க்க வேண்டும், அங்கேயும் குறி மாறலாம்.

இன்னொரு இடத்திலும் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு எல்லையிலும் குறி மாறியே தீரும் என்று எண்ணிக்கொண்டு +, −, +, − என்று வரிசையாக நிரப்பிவிடுகிறார்கள். 2 sin²x − 3 sin x + 1 ≥ 0 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காரணிகள் (2 sin x − 1)(sin x − 1). முதல் காரணியின் கோடு முன்பு பார்த்ததுதான், வட்டத்தை 30இலும் 150இலும் வெட்டுகிறது. இரண்டாவதன் கோடு 1 உயரத்தில் இருக்கிறது. அது வட்டத்தை வெட்டுவதில்லை, உச்சியில் தொட்டுவிட்டுப் போகிறது. தொடுகோட்டுக்கு மேலே வட்டத்தின் எந்தப் புள்ளியும் கிடையாது. ஆகவே sin x − 1 எங்கும் மிகையாகாது, 90 பாகையில் பூச்சியமாகிறது, இருபுறமும் குறையாகவே நிற்கிறது. 30க்கும் 150க்கும் நடுவே பெருக்கல் குறைதான், 90இல் மட்டும் பூச்சியம். ≥ என்று கேட்டிருப்பதால் அந்த ஒற்றைப் புள்ளி விடையில் சேர வேண்டும்: 0 முதல் π/6 வரை, 5π/6 முதல் 2π வரை, கூடவே தனியாக x = π/2. வட்டம் வரையாமல் போட்டவர்கள் இந்த π/2 ஐத்தான் அதிகம் தொலைக்கிறார்கள். கோடு வெட்டுகிறதா தொடுகிறதா என்பதைத் தாளில் பார்த்தாலே போதும்.

மகளிடம் cos 2x ≥ cos x ஐக் கொடுத்துப் பாருங்கள், அதே 0 முதல் 2π வரை. cos 2x = 2 cos²x − 1 என்று மாற்றினால் (2 cos x + 1)(cos x − 1) ≥ 0 கிடைக்கும். இம்முறை இரண்டும் நெட்டுக்கோடுகள். ஒன்று வட்டத்தை 120இலும் 240இலும் வெட்டும், மற்றொன்று வலது ஓரத்தில் தொடும். 2π/3 முதல் 4π/3 வரை என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், தொடும் அந்தப் புள்ளி எந்தக் கோணம் என்று கேளுங்கள். அட்டவணையை நாம் வெட்டிப் பிரித்த அதே இடம் அது: x = 0, x = 2π இரண்டையும் அவள் எழுத வேண்டும்.