தகரக் கூரை மண்டபத்துக்குப் பெரிய ஃபான் வாங்க முன்னர்

"மாங்குளம் பக்கம் எங்கள் சங்க மண்டபம் 100 அடி நீளம், 60 அடி அகலம். தகரக் கூரை, சிலிங் இல்லை. கலியாணம், கூட்டம் என்று 300 பேர் வரை வருவார்கள். சித்திரை, வைகாசியில் மத்தியானம் உள்ளே இருக்கவே ஏலாது. ஏசிக்குக் காசு இல்லை. 24 அடி ஃபான் ஒன்று பூட்டினால் முழு மண்டபமும் 8 பாகை குளிரும் என்று ஒருவர் கொட்டேசன் தந்திருக்கிறார். நம்பி வாங்கலாமா ஐயா?"

ஃபான் நல்ல யோசனைதான். அந்தக் கொட்டேசனில் மட்டும் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

எந்த ஃபானும் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகைகூடக் குறைக்காது. மோட்டர் தன் பங்குக்குச் சிறிது சூட்டைச் சேர்க்கத்தான் செய்யும். ஃபான் ஓடும்போது சுவரில் இருக்கிற வெப்பமானியைப் பாருங்கள், 31 காட்டியது 31க்குக் கீழே இறங்காது. மாறுவது நம் உடம்புக்குத் தெரிகிற வெக்கை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பே ஏறத்தாழ 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. காற்று அசையாவிட்டால் அந்தச் சூடும் வியர்வை ஈரமும் தோலை ஒட்டியே நிற்கும். அதைத்தான் புழுக்கம் என்கிறோம். காற்று அசைந்தால் அது விலகும், வியர்வையும் காயும். செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் காற்று மேலில் பட்டால், வெப்பநிலை இரண்டரை, மூன்று பாகை குறைந்த மாதிரி இருக்கும். 31 பாகை மண்டபம் 28 போலத் தெரியும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் மேசையில் கடதாசி நிற்காது. 8 பாகை என்று எழுதித் தருபவருக்கு ஒன்றில் விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அந்த மூன்று பாகையும் எப்போதும் கிடைக்காது. நம் தோலின் வெப்பநிலை 34, 35 பாகை அளவில் இருக்கும். காற்றும் அந்த அளவுக்கு ஏறிவிட்டால், காற்றடித்து உடம்புச் சூட்டை எடுக்க முடியாது. வியர்வை காய்வதால் வருகிற சுகம் மட்டும்தான் மிஞ்சும்.

இங்கேதான் உங்கள் கூரையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் உங்கள் பிரச்சினையில் பாதிக்கு மேல் அதுதான். உச்சி வெயிலில் வெறும் தகரம் தொட்டால் கை சுடுகிற அளவுக்குக் காயும், 60 பாகை என்பது சாதாரணம். அந்தச் சூடு இரண்டு வழியாகக் கீழே வருகிறது. ஒன்று, தகரத்திலிருந்து நேரே தலைக்கும் தோளுக்கும் இறங்குகிற கதிர்வீச்சு. அதை எந்தக் காற்றும் ஊதித் தள்ளாது. மற்றது, முகட்டுக்குக் கீழே தேங்கி நிற்கிற சூடான காற்று. சும்மா விட்டால் அது மேலேயே நிற்கும். பெரிய ஃபானைப் பூட்டிக் கீழ்நோக்கிச் சுழற்றினால், அதை அள்ளிக்கொண்டு வந்து சனத்தின் தலையில் கொட்டும். "பெரிய ஃபான் போட்டோம், இன்னும் வெக்கையாக இருக்கிறது" என்று சொல்கிற தகர மண்டபங்களில் நடப்பது இதுதான். ஃபான் பழுதில்லை, விற்றவர் கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உங்கள் மண்டபத்தில் இது எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். வெயில் நாளில் பகல் ஒரு மணிக்கு இரண்டு வெப்பமானி எடுங்கள். ஒன்றைக் கதிரையில் வையுங்கள். மற்றதைக் கயிற்றில் கட்டி, தீராந்திக்கு மேலால் போட்டு, தகரத்துக்கு ஓரிரு அடி கீழே வரை இழுத்து விடுங்கள். தகரத்தில் முட்டக்கூடாது. கால் மணி நேரம் கழித்து இறக்கி, உடனே வாசியுங்கள். மேலே உள்ளது கீழே உள்ளதைவிட நாலைந்து பாகை கூட என்றால், முதல் காசு கூரைக்குத்தான் போக வேண்டும். தகரத்துக்குக் கீழே வெள்ளிப்பூச்சுள்ள வெப்பத்தடுப்புச் சீற், முகட்டில் சூடு வெளியேற இடைவெளி, இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் வலை அடித்த திறப்பு. இவ்வளவும் முடியாவிட்டால் தகரத்தின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளை அடித்தாலே வித்தியாசம் தெரியும். வன்னி வெயிலில் மண்டபம் கட்டுகிறவர்கள் சமர்ப்பிக்கிற படிவங்களில் நான் பார்த்தவரை கூரைச் சூட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மதிலுக்கும் கேற்றுக்கும் அளவு கேட்கிறார்கள். மூன்று கொட்டேசன் எடு, குறைந்ததைப் பிடி என்பதோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது.

சரி, ஃபானுக்கு வருவோம். ஒரு 24 அடிக்குப் பதிலாக 16 அடி ஃபான் இரண்டு எடுங்கள். மண்டபத்தின் நீளத்தை இரண்டாகப் பிரித்தால் 50க்கு 60 அடி என்று இரண்டு கிட்டத்தட்டச் சதுரமான பகுதிகள் வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்று. காரணம், குழாய்த் தண்ணீர் சிமெந்து நிலத்தில் விழுந்து பரவுவதுபோலத்தான் இந்தக் காற்றும் இறங்கி, நிலத்தில் மோதி, நாலு பக்கமும் தாழ ஓடுகிறது. ஃபானுக்கு நேர் கீழே முகத்தில் நல்ல காற்று. தள்ளிப் போகப் போகக் காலில் மட்டும்தான் படும். 100 அடி மண்டபத்தில் நடுவில் ஒன்றை வைத்தால் இரண்டு தொங்கலிலும் இருப்பவர்கள் பாவம். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும் என்பது இன்னொரு வசதி.

விற்பவர்கள் வெறும் மண்டபத்தில் ஓட்டிக் காட்டுவார்கள். அதில் மயங்க வேண்டாம். 300 கதிரையும் 300 சோடிக் காலும் வந்ததும், நிலத்தோடு ஓடுகிற காற்று முதல் சில வரிசைகளிலேயே தடைப்பட்டுவிடும். "இத்தனை ஆயிரம் சதுர அடிக்கு ஒன்று போதும்" என்கிற கணக்கும் அப்படித்தான், காற்று லேசாக அசைகிற இடம் எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் கேட்க வேண்டியது, ஃபான் தள்ளுகிற காற்றை அளக்கும் அம்கா 230 என்ற தரமுறையில் செய்த பரிசோதனை அறிக்கை. அது இல்லை, ஆனால் கொமிசன் இருக்கிறது என்று பேசுகிற இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: கதிரைகளை அடுக்கி, அவற்றில் ஆட்களையும் இருத்தி, முழு வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு பகுதியிலும் ஒன்பது இடத்தில், இருப்பவரின் முக உயரத்தில் காற்றுவேகமானியால் அளக்க வேண்டும், சராசரி செக்கனுக்கு 0.8 மீற்றர் வந்த பின்னரே கடைசிப் பங்குக் காசு. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

தொங்கவிடுவது பிரதான இரும்புச் சட்டகத்தில்தான், தகரம் தாங்குகிற சலாகையில் ஒருக்காலும் இல்லை. இதற்குக் கட்டட எஞ்சினியர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். பாதுகாப்புக் கம்பி கட்டாயம். இறக்கை நிலத்திலிருந்து 10 அடிக்குக் கீழே வரக்கூடாது. கூரைக்கும் இறக்கைக்கும் இடையே நாலு அடியாவது விடுங்கள், இல்லாவிட்டால் ஃபானுக்கு மேலிருந்து காற்று இழுபடாது.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். இந்த அளவு ஃபான் முழு வேகத்திலும் பொதுவாக ஒரு கிலோவாட் அளவுக்குள் ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் செலவு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். ஏசி என்றால் 300 பேரின் உடம்புச் சூடு மட்டுமே 30 கிலோவாட், அதை முதலில் வெளியே தள்ள வேண்டும். ஆள் இல்லாத மண்டபத்தில் ஃபானை ஓட்டி "குளிர வைக்க" வேண்டாம், அது வீண் செலவு.

இரண்டு ஃபானுக்கும் தனித்தனி வேகக் கட்டுப்பாடு கேட்டு வாங்குங்கள். மணவறைப் பக்கத்து ஃபானை ஓமம் வளர்க்கும் நேரம் நிறுத்தி வைக்கவும், பந்தி தொடங்கும்போது வாழையிலை பறக்காத வேகத்தில் விடவும் அது தேவைப்படும்.