மாத அறிக்கைக்கு முன் சென்சார் ரீடிங்கைச் சலிப்பது: கேள்வி பதில்

கேட்டவர்கள் எல்லோரும் ஆலைகளில் பராமரிப்பு பார்ப்பவர்கள். பெரும்பாலான கேள்விகள் ஏர் கம்ப்ரஸர், அதன் மோட்டார், பேரிங் பற்றியே வந்ததால் பதில்களும் அதையே சுற்றி இருக்கும்.

ஸ்பின்னிங் மில் மேற்பார்வையாளர்: சார், மாத சராசரி பிரஷர் 5.56 பார்னு வந்திருக்கு. ஆனா ஓடுறப்ப கேஜ்ல எப்பவும் 6.8 நிக்குது. எங்கயோ லீக்கேஜ்னு மேனேஜர் சொல்றார். ஷீட்ல நாலு ஞாயித்துக்கிழமையும் -2.5னு இருக்கு. அது என்ன?

லீக்கேஜைத் தேட ஆள் அனுப்ப வேண்டாம். அந்த -2.5-தான் காரணம். உங்கள் டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 10 பார் ரேஞ்ச், வெளியீடு 4 முதல் 20 மில்லிஆம்பியர் என்று நினைக்கிறேன். 4 வந்தால் 0 பார், 20 வந்தால் 10 பார். ஞாயிறு ஷட்டவுனில் பேனல் சப்ளையை அணைத்தால் கரன்ட் 0 ஆகிவிடும். கணக்குப் போடும் பி.எல்.சி. அதே கோட்டைக் கீழே நீட்டி -2.5 என்று எழுதிவிடும். முழு வெற்றிடமே கேஜ் கணக்கில் -1 பாரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே -2.5 பார் எந்தக் குழாயிலும் இருக்க முடியாது.

26 நாள் 6.8, 4 நாள் -2.5 என்று கூட்டி 30-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக உங்கள் 5.56 வரும். சிலர் -2.5-ஐ அழித்துவிட்டு 0 போடுவார்கள். அப்போது 5.89 வரும். அதுவும் பொய்தான், ஏனென்றால் அன்று யாரும் பிரஷரை அளக்கவே இல்லை. அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

எல்லையை எங்கே வைப்பது? 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழும் 21-க்கு மேலும் போனால் பழுது என்று கொள்வது இந்தத் துறையின் வழக்கம். உங்கள் ரேஞ்சில் அது -0.25 பாரும் 10.62 பாரும். -0.1 மாதிரி வந்தால் தூக்கி எறியாதீர்கள். அது ஜீரோ கொஞ்சம் நகர்ந்திருப்பதன் அடையாளம், காலிபரேஷன் பட்டியலில் சேர்க்க வேண்டியது.

எக்செல்லில் பக்கத்து நெடுவரிசையில் இப்படிப் போடலாம்:

```
=IF(NOT(ISNUMBER(B2)),"",IF(OR(B2<-0.25,B2>10.62),"",B2))
```

முதல் பாதியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் காலி செல்லை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும், சலித்த பிறகும் சராசரி இறங்கியே நிற்கும். B நெடுவரிசையைத் தொடவே வேண்டாம். மூல ரீடிங் வந்தபடியே இருக்கட்டும்.

பம்ப் தயாரிப்பு ஆலை, தரப் பிரிவு: இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா? சராசரியிலிருந்து 3 சிக்மா தாண்டினதை எடுத்துட்டா போதுமே. நாங்க அப்படித்தான் செய்றோம்.

ரீடிங் ஏராளமாக இருந்து, தவறு ஒன்றிரண்டு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது வேலை செய்யும். மாத அறிக்கைக்குப் பெரும்பாலும் சில ரீடிங்தான் கையில் இருக்கும். இந்தப் பத்து பேரிங் வெப்பநிலைகளைப் பாருங்கள்: 61, 62, 60, 63, 61, 62, 850, 60, 61, 62.

850 தவறு என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் சராசரி 140.2, எண்கள் சிதறும் அளவான சிக்மா 249. மூன்று சிக்மா எல்லை 888-க்குப் போய்விடுகிறது, 850 தப்பித்துக்கொள்கிறது. தவறான எண்ணே சிக்மாவை ஊதிப் பெரிதாக்கி, அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பத்து ரீடிங்கில் எந்த ஒற்றை எண்ணும், ஒரு லட்சமே ஆனாலும், 2.85 சிக்மாவைத் தாண்ட முடியாது. அதாவது உங்கள் சல்லடை எதையும் பிடிக்காது.

மீடியனை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை எடுங்கள். இங்கே 61.5. ஒவ்வொரு ரீடிங்கும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களுக்கும் மீடியன் எடுத்தால் 0.5. அதை 1.48-ஆல் பெருக்கி, சிக்மா இருந்த இடத்தில் வையுங்கள். 3.5 மடங்கு வரை அனுமதித்தால் எல்லை சுமார் 59 முதல் 64 வரை. 850 முதல் பார்வையிலேயே மாட்டும்.

அதே தரப் பிரிவு: போட்டுப் பார்த்தேன். இன்னொரு மோட்டார்ல 66 டிகிரி கூட மாட்டுது. அது நல்ல ரீடிங்தானே?

நல்ல ரீடிங்காக இருக்கலாம். மெஷின் சீராக ஓடினால் விலகல் மிகச் சின்னதாகி எல்லை நெருக்கிவிடும். பேரிங் வெப்பநிலைக்கு மீடியனுக்கு இரு பக்கமும் குறைந்தது 5 டிகிரி இடம் விடுங்கள் என்பேன். அது என் அனுபவக் கணக்கு, உங்கள் மெஷினுக்கு வேறாக இருக்கலாம். மாட்டியதெல்லாம் அழிக்க வேண்டியதல்ல. 61, 63, 66, 70 என்று நாலு நாளில் ஏறியிருந்தால் அது கிரீஸ் தீர்ந்த பேரிங்காக இருக்கலாம். அதைச் சொல்லத்தான் அறிக்கையே போடுகிறோம்.

சர்க்கரை ஆலை எலக்ட்ரீஷியன்: அண்ணா, எங்க ஃபேன் மோட்டார் பேரிங் 64, 72, 65, 71னு நிமிஷத்துக்கு நிமிஷம் குதிக்குது. எதுவுமே எல்லைக்கு வெளிய இல்ல. பேரிங்க மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. பேரிங் ஹவுசிங் கனமான இரும்பு. ஒரு நிமிடத்தில் 8 டிகிரி ஏறி அடுத்த நிமிடத்தில் 7 டிகிரி இறங்க அதனால் முடியாது. சூடு ஏறினால் மெதுவாக ஏறும், மோட்டாரை நிறுத்தினாலும் மெதுவாகத்தான் இறங்கும். எண் நம்பும்படி இருக்கிறது, அது நகரும் வேகம் நம்பும்படி இல்லை.

பி.டி.100 வெப்பநிலை சென்சாரில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். டெர்மினல் ஸ்க்ரூ லூஸாகி 3 ஓம் கூடினாலே கிட்டத்தட்ட 8 டிகிரி ஏறிக் காட்டும். ஃபேன் அதிர்வில் அது தொட்டும் விட்டும் ஆடும். மோட்டார் நின்றதும் குதிப்பு உடனே நின்று, ரீடிங் மட்டும் மெல்ல இறங்கினால் சந்தேகம் உறுதி. சென்சார் ஹெட்டைத் திறந்து மூன்று வயரையும் இறுக்குங்கள். முழுவதும் விட்டுப்போயிருந்தால் பல கருவிகளில் 850 மாதிரி ரேஞ்சின் உச்சியைக் காட்டும். மேலே பார்த்த 850-க்கும் அநேகமாக அதுதான் காரணம்.

பால் பதப்படுத்தும் ஆலை: எங்களுக்கு ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் ஆம்பியர் ஆறு மடங்கு வருது. அதையும் தவறுன்னு நீக்கலாமா?

கூடாது, அது நிஜமான கரன்ட். நேரடியாக லைனில் ஸ்டார்ட் செய்யும் மோட்டார் ஆறேழு மடங்கு இழுக்கும். சராசரி ஆம்பியரை மட்டும் ஓட்டம் நிலைத்த பிறகு வரும் ரீடிங்கில் போடுங்கள். ஸ்டார்ட்டைத் தனியாக எண்ணுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தால் அந்த உச்சம் அகப்படுவதே தற்செயல். ஆகவே "இந்த மாதம் உச்சம் கூடிவிட்டது" என்று அதை வைத்து எழுத முடியாது.

பெயின்ட் ஆலை: ஒன்பது நாளா 54.3 டிகிரி, தசமம் கூட மாறல. எல்லா சல்லடையும் பாஸ். இது சரிதானே?

அந்த ஒன்பது நாளில் ஒரு ஷட்டவுன் வந்திருக்குமே? நின்ற மோட்டாரும் 54.3 காட்டியிருந்தால் அது உயிரில்லாத ரீடிங். தொடர்பு அறுந்ததும், ரீடிங்கை வாங்கி அனுப்பும் கேட்வே கடைசி எண்ணையே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். ஒன்பது நாளையும் காலியாக்குங்கள்.

ஸ்பின்னிங் மில் மேற்பார்வையாளர்: காலியா விடச் சொல்றீங்க, சரி. ஆனா தலைமை அலுவலக ஃபார்மட் காலி செல்லை ஏத்துக்காது. முந்தின நாள் எண்ணைப் போட்டு நிரப்புறோம்.

பம்ப் தயாரிப்பு ஆலை, தரப் பிரிவு: நாங்களும் அப்படித்தான். ஒரு நாள்னா என்ன கெட்டுடும்?

ஒரு நாளுக்கு சராசரி பெரிதாக அசையாது, உண்மை. ஒன்பது நாளை அப்படி நிரப்பினால், பெயின்ட் ஆலையில் கேட்வே செய்ததையே நாம் கையால் செய்கிறோம். என்னால் முடிந்த வழி, சராசரிக்குப் பக்கத்தில் "26 நாள் ரீடிங்" என்று குறிப்பு நெடுவரிசையில் எழுதுவது. குறிப்பு நெடுவரிசையே இல்லாத ஃபார்மட்டுக்கு என்னிடம் நல்ல வழி இல்லை. வேறு யாராவது தலைமை அலுவலகத்தைச் சம்மதிக்க வைத்திருந்தால், என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.