கிணற்று அறிக்கையும் ஒரு பக்கத் திருத்தக் குறிப்பும்

"புதிதாக வந்த பயிலுநர் முதல் அறிக்கையைத் தந்திருக்கிறார். பெரிய பிழை ஒன்று இருக்கிறது. மனம் உடையாமல், எதைத் திருத்துவது என்றும் புரியும்படி எப்படி எழுதிக் கொடுப்பது?"

மட்டக்களப்பில் கிணற்று நீரைச் சோதிப்பது என் வேலை. போன வருடம் எங்களிடம் பயிலுநராக வந்த தங்கை ஒருவர், வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல் நிலத்தில் 18 வீட்டுக் கிணறுகளைச் சோதித்து அறிக்கை எழுதினார். நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், தான் கண்ட மிகக் கூடிய அளவு 14, ஆகவே எல்லாக் கிணறுகளும் பாதுகாப்பானவை என்று முடித்திருந்தார்.

பிழை அந்த 14இல் இருந்தது. அவர் பாவித்த சோதனைப் பெட்டி, நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டுமே காட்டும். 4.43ஆல் பெருக்கிய பிறகுதான் 50 உடன் ஒப்பிடலாம். பெருக்கினால் 14 என்பது 62 ஆகிவிடும். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

நான் பயிலுநராக இருந்தபோது என் முதல் அறிக்கை "திரும்ப எழுதவும்" என்ற இரண்டே சொல்லோடு திரும்பி வந்தது. எதை என்று தெரியாமல், சரியாக இருந்த பகுதியையும் மாற்றிக் கெடுத்தேன். அதனால் எதை மாற்றக்கூடாது என்பதை முதலில் எழுதுவேன். பாராட்டும் அதற்குள்ளேயே வந்துவிடும். அவருக்கு எழுதிய குறிப்பு இது:

"2ஆம் பக்க அட்டவணையில் உள்ள எண்களை அப்படியே வைத்திருங்கள். ஒவ்வொரு கிணற்றையும் இரண்டு முறை அளந்து இரண்டு எண்களையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அவற்றை நம்பி மேலே போக முடிகிறது. 4ஆம் பக்க முடிவு மாற வேண்டும். பெட்டியின் அறிவுறுத்தல் தாளில் அலகைப் பாருங்கள். 7ஆம் இலக்கக் கிணறு: 14 × 4.43 = 62, எல்லை 50. மற்ற 17 கிணறுகளுக்கும் இப்படியே கணித்து, அட்டவணையில் ஒரு நிரல் சேர்த்து, முடிவைப் புதிதாக எழுதுங்கள். வியாழக்கிழமை தந்தால் போதும்."

ஒரு கிணற்றை மட்டும் நான் கணித்துக் காட்டினேன். பதினெட்டையும் நானே கணித்திருந்தால் அறிக்கை திருந்தியிருக்கும், அடுத்த அறிக்கையில் அதே பிழை வந்திருக்கும். எழுத்துப் பிழைகளை அந்தச் சுற்றில் தொடவில்லை. எப்படியும் மாறப்போகும் பக்கத்தில் ஒற்றுப் பிழை திருத்துவது வீண் வேலை, முக்கியமான பிழையும் அந்தச் சிவப்புக் கோடுகளுக்குள் மறைந்துவிடும்.

குறிப்பைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வரியையும் வாசித்து, இதைப் படித்தவுடன் அவர் எந்தப் பக்கத்தைத் திறப்பார் என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் கவனம் தேவை" என்ற வரிக்குத் திறக்கப் பக்கம் இல்லை, அதை வெட்டிவிடுங்கள்.

அவர் புதன்கிழமையே வந்தார். "சேர், 5 கிணறுகள் எல்லையைத் தாண்டுகின்றன. அந்த வீட்டாருக்கு எப்போது சொல்வது?" என்று கேட்டார். அன்று பின்னேரமே இருவரும் போனோம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது என்பதை வீடு வீடாக அவரே விளக்கினார்.