கேஸ்லைட்டிங்: மறுப்பு எங்கே முடிகிறது?

“நடந்த ஒன்றை நான் சொன்னால், என் கணவர் ‘அப்படி நடக்கவே இல்லை’ என்கிறார். இது கேஸ்லைட்டிங் என்கிறாள் தோழி. வெறும் கருத்து வேறுபாடாகவும் இருக்கலாம் அல்லவா? எப்படிப் பிரித்தறிவது?”

உங்கள் கணவரை எனக்குத் தெரியாது. நான் உளவியலாளரும் அல்லள். ஆனால் இரண்டையும் என் வாழ்வில் அனுபவித்தவள் என்பதாலும், அதன்பின் இதைப் பற்றித் தேடிப் படித்தவள் என்பதாலும் எழுதுகிறேன்.

கேஸ்லைட்டிங் என்ற சொல் ஆங்கில நாடகாசிரியர் பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகத்திலிருந்தும், அதை வைத்து 1944இல் வந்த ஹாலிவுட் படத்திலிருந்தும் பிறந்தது. படத்தில் கணவன் பரணில் ரகசியமாக நகைகளைத் தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்றும்போது கீழே மனைவியின் அறையில் வாயு விளக்கு மங்குகிறது. இதற்கிடையே அவன் பொருள்களைத் தானே ஒளித்துவைத்து, அவள்தான் மறந்து தொலைத்தாள் என்று நம்பவைக்கிறான். தன் கண் காண்பதையே அவள் சந்தேகிக்கத் தொடங்குகிறாள். விளக்கு மங்குவதைத் துப்பறிபவர் ஒருவரும் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தன் அறிவின் மேல் நம்பிக்கை திரும்புகிறது. இச்சொல்லின் பொருள் முழுவதும் இக்கதைக்குள் இருக்கிறது என்பேன். மறுக்கப்படுவது ஒரு நிகழ்ச்சி மட்டும் அன்று. அதைக் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் அவளுடைய திறனே மறுக்கப்படுகிறது.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு விற்பனையாளருக்குச் சேரவேண்டிய தொகையை நிறுத்திவைக்கும்படி மேலாளர் வாய்மொழியாகச் சொன்னார். அடுத்த வாரம், “நான் எப்போது சொன்னேன்?” என்றார். அத்துடன் அவர் நின்றிருந்தால் அதை மறதி என்றே எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால், “குழந்தை பிறந்த பிறகு உங்களுக்கு நினைவு சரியாக இல்லை, எல்லோரும் கவனித்திருக்கிறார்கள்” என்றும் சேர்த்துச் சொன்னார். இது மாதக்கணக்கில் தொடர்ந்தது. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை எழுந்து சென்று பார்க்கும் நிலைக்கு வந்தேன். சொல்லப்பட்டதை அன்றன்றே தேதியுடன் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். வேலையை முடித்ததும், “நீங்கள் கூறியபடி செய்துவிட்டேன்” என்று அவருக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். ஒருநாள் அந்த மின்னஞ்சலைக் காட்டியபோது அவர் அதைப் படிக்கவே இல்லை. “இப்படி எல்லாவற்றையும் எழுதிவைக்கும் அளவுக்குச் சந்தேகம் முற்றிவிட்டதா?” என்று கேட்டார். நான் காட்டிய ஆதாரமே என் மனம் சரியில்லை என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. இதுதான் கேஸ்லைட்டிங் என்று அந்த அறையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

இதற்கு மாறாக, அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை விற்றது யார் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் பல ஆண்டுகள் சச்சரவு இருந்தது. அப்பாதான் விற்றார் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அம்மாவே அடகு வைத்து, மீட்க முடியாமல் போனது என்றார் அக்கா. கடுமையாகப் பேசினோம், ஒரு பொங்கலுக்குப் பேசாமலும் இருந்தோம். ஆயினும் அக்கா ஒருமுறைகூட “உனக்குப் புத்தி பிசகிவிட்டது” என்று சொன்னதில்லை. “எனக்கு அப்படித்தான் நினைவு, சீட்டு கிடைக்கிறதா பார்ப்போம்” என்றார். அம்மாவின் பெட்டியடியில் அடகுச் சீட்டு கிடைத்தது, தவறு என்னுடையது. நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. ஆகவே நேர்மையான இருவர் ஒரே நாளை இருவிதமாக நினைவில் வைத்திருப்பது இயல்பு.

மேலாளர் வேண்டுமென்றே செய்தார் என்பதற்கு என்ன சான்று என்று இங்கே யாரேனும் கேட்கக்கூடும். அவர் உள்ளத்தை நான் அறியேன். உணர்ந்தே செய்திருக்க வேண்டும் என்பதில் ஆய்வாளர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை. இது மருத்துவர் எழுதித்தரும் நோயின் பெயரும் அன்று. ஆனால் சமூகவியலாளர் பேஜ் ஸ்வீட் 2019இல் வெளியிட்ட கட்டுரையில் கூறிய ஒன்று எனக்குச் சரியாகப் பொருந்தியது: சமூகத்தில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வின் மேல் நின்றுதான் கேஸ்லைட்டிங் வேலை செய்கிறது. பிள்ளை பெற்றவள் மறதிக்காரி என்று அலுவலகம் நம்பத் தயாராக இருந்தது. அந்த ஆயுதத்தை அவர் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதே சொற்களை நான் அவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆகவே, “அப்படி நடக்கவே இல்லை” என்பதற்குப் பிறகு உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்பதைச் சில வாரங்கள் தேதியிட்டு எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். “எனக்கு வேறு மாதிரி நினைவு” என்கிறாரா, அல்லது “உனக்கு எப்போதும் இப்படித்தான், உன் அம்மாவைப் போல” என்று உங்கள் பக்கம் திரும்புகிறாரா? ரசீதோ, குறுஞ்செய்தியோ, உடனிருந்த ஒருவரோ முன்வந்தால் அவர் தன் மறுப்பைக் கைவிடுகிறாரா? முதல் வகை என்றால், தோழி சொன்ன சொல்லை அவர்மீது போடாதீர்கள்; மறந்துபோன ஒருவரைப் பொய்யர் என்று அச்சொல் குற்றம் சாட்டிவிடும். இரண்டாம் வகை என்றால், அவரிடம் வாதாடுவதற்கு முன்பு, அந்தக் குறிப்பை உங்களுக்கு நம்பிக்கையான இன்னொருவரிடம் காட்டுங்கள். எனக்கு அந்த இன்னொருவர் அக்காதான்.