ர் முடிந்த பிறகும் கேட்கும் இகரச் சாயல்: ஒலிக்குறிப்புக் கேள்வி பதில்

உதகையில் தோடர் மொழி ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுவதிலேயே என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. மெய்யெழுத்தின் மேல் ஏறி உட்காரும் சிறு குறிகளைப் பற்றி உங்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில், ஏனென்றால் மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

கேள்வி (ஆய்வு மாணவி, உதகை): அம்மா, ஒரு பதிவில் சொல் ர் என்று முடிகிறது. ஆனால் கடைசியில் இகரம் போல ஏதோ கேட்கிறது. ri, rj, rʲ மூன்றில் எதை எழுதுவது? ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒவ்வொரு விதமாக எழுதிவிடுகிறேன்.

தோடர் மொழியில் இந்தத் தடுமாற்றம் எல்லோருக்கும் வரும். அங்கே ரகர வகையில் மூன்று ஒலிகள் உண்டு. மூன்றுமே நாக்கு அதிரும் ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் சாதாரண வடிவம் ஒன்று, இகரச் சாயல் ஏறிய வடிவம் ஒன்று. ஆக ஆறு. சாயல் மாறினால் சொல்லும் மாறிவிடும். அதனால் அந்தக் குறியை விருப்பம்போல் போடவோ விடவோ முடியாது.

மூன்று எழுத்துமுறைகளும் மூன்று வேறு கூற்றுகள். ri என்றால் அங்கே ஓர் உயிர் இருக்கிறது, சொல்லில் ஓர் அசை கூடுகிறது. rj என்றால் ர் முடிந்த பிறகு தனியாக ஒரு ய் வருகிறது. rʲ என்றால் நுனிநாக்கு ர் ஒலிக்கும் அதே வேளையில் நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்புகிறது. ஒரே மெய், இரண்டு வேலை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் தோடர் குடியிருப்பான மந்துக்கு வெளியே வெயிலில் அமர்ந்து சொன்ன ஒரு சொல்லை முதல் நாள் ri என்று நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் அதே சொல்லை அசை அசையாகக் கை தட்டிச் சொல்லக் கேட்டேன். அவர் ஒரே ஒரு முறைதான் தட்டினார். அப்போதே ri அடிபட்டுப் போனது. மீதி இருந்தது rj-யா rʲ-யா என்பதுதான். வீட்டுக்கு வந்து பதிவை Praat என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து, ரகரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, முன்னால் இருந்த அகரத்தைப் பார்த்தேன். அதன் இரண்டாம் ஒலிச்செறிவுக் கோடு சுமார் 1300 ஹெர்ட்ஸில் தொடங்கி, ரகரம் தொடங்கும் முன்பே 1800-ஐத் தொட்டிருந்தது. அதாவது ர் வருவதற்கு முன்னரே நாக்கின் நடு உடல் எழும்பத் தொடங்கிவிட்டது. ய் தனியாகப் பின்னால் வந்திருந்தால் அந்தக் கோடு ரகரம் முடியும்வரை பெரிதாக நகர்ந்திருக்காது. நோட்டில் ri-யை அடித்துவிட்டு rʲ என்று திருத்தினேன்.

எனவே வரிசை இதுதான். முதலில் அசையை எண்ணச் சொல்லுங்கள். பிறகு, மெய்க்கு முன்னுள்ள உயிர் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, உயிரில் தொடங்கும் ஒரு சொல்லைப் பின்னால் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லின் கடைசியில் கேட்கும் மெல்லிய மூச்சை மட்டும் நம்பித் தீர்மானிக்க வேண்டாம், அங்கேதான் காது ஏமாறும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். நாக்கு நுனி அதிர வேண்டுமென்றால் நாக்கின் உடல் அதற்கு வசதியாகத் தாழ்ந்திருக்க வேண்டும். இகரச் சாயலோ உடலை மேலே தூக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால் அதிர்வு இரண்டு தட்டலாகவோ ஒரே தட்டலாகவோ குறைந்துபோகலாம். அதைக் கேட்டு அது வேறு ஒலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குன்னூர்): ʲ என்பது நம்முடைய ய் தானே? வாத்தியார் என்பதில் அந்த ஒலி இருக்கிறது. t̪ʲ என்று எழுதினால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு நுணுக்கம்?

ஐயா, நாக்கின் வேலையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ய் ஒலிக்க எழும்பும் அதே பகுதிதான் ʲ-க்கும் எழும்புகிறது. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. வாத்தியார் என்பதை நிதானமாகச் சொல்லும்போது தகரத்துக்குப் பின் இகரம், அதன்பின் ய். ஒன்றன்பின் ஒன்று. ʲ-இல் இரண்டும் ஒன்றாக நிகழ்கின்றன.

பின்னால் எதுவுமே வராத இடத்தில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ரஷ்ய மொழியில் brat என்றால் சகோதரன், bratʲ என்றால் எடுக்க. இரண்டுக்கும் ஒரே அசை. bratʲ முடிந்த பிறகு ய் என்று ஒன்றும் இல்லை, தகரமே இகர நிறத்தில் வெடிக்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். த, தி இரண்டையும் குரலின்றிக் கிசுகிசுப்பாகச் சொல்லத் தொடங்கி, உயிரை விட்டுவிட்டு, நாக்கு விலகும் அந்தச் சிறு ஓசையை மட்டும் கேளுங்கள். தி-க்கு முன் வரும் ஓசை சற்று உயர்ந்த சுருதியில் இருக்கும். அந்த உயர்ந்த ஓசைதான் ʲ.

அவரே மீண்டும்: ஆனால் வேகமாகப் பேசும்போது நான் வாத்யார் என்றுதான் சொல்கிறேன். இகரமே இல்லை.

உண்மை. அப்போது t̪j என்றும் எழுதலாம், ஒலிப்பதிவில் அப்படி அமைந்திருந்தால் t̪ʲ என்றும் எழுதலாம். தமிழில் இந்த இரண்டும் பொருளைப் பிரிப்பதில்லை. அதனால் எந்தக் குறி சரி என்பதை மொழி சொல்லாது, உங்கள் ஒலிப்பதிவுதான் சொல்ல வேண்டும். பொருள் மாறாத இடத்தில், நுண்ணிய எழுத்து தேவைப்பட்டாலன்றி, நான் இந்தக் குறியைப் போடுவதில்லை. ‘அடித்து’ பேச்சில் ‘அடிச்சு’ ஆவதை இதனோடு சேர்க்காதீர்கள். அங்கே தகரம் இடம்பெயர்ந்து சகரமாகவே ஆகிவிட்டது. அதற்கு மேற்குறி வேண்டாம், வேறு எழுத்தே வேண்டும்.

கேள்வி (காப்பித் தோட்டக்காரர், தாண்டிக்குடி): என் பாட்டி பெட்டியைப் பொட்டி என்பார். உதடு குவிகிறதே, இதற்கு ʷ போடலாமா?

போட வேண்டாம். உங்கள் பாட்டியின் பேச்சில் குவிந்தது உயிர். முன்னால் பகரம் உதட்டில் பிறக்கிறது, பின்னால் டகரத்துக்கு நாக்கு மடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே எகரம் ஒகரமாகிவிட்டது. அதை o என்று எழுதினால் உதட்டின் கணக்கு தீர்ந்தது.

ʷ என்பது மெய்யோடு சேர்ந்த உதட்டுக் குவிவு. ஒரு சிறு கண்ணாடி முன் நின்று காடு, கூடு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். கூடு சொல்லும்போது ககரம் வெடிப்பதற்கு முன்னரே உதடு வட்டமாகி நிற்கும். அதுவும் உதட்டுக் குவிவுதான், ஆனால் பின்வரும் ஊகாரம் இரவல் கொடுத்தது. அம்ஹாரிக் மொழியில் அப்படியில்லை. அகரத்துக்கு முன்னால்கூட kʷ வரும், அதற்கென ኳ என்று தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். இரவல் வாங்க முடியாத இடத்திலும் உதடு குவிந்தால்தான் ʷ அந்த மெய்யின் சொந்தச் சொத்து. இகரச் சாயலுக்கும் இதே சோதனை பொருந்தும்.

கேள்வி (ஒரு தாய், கூடலூர்): அண்ணம் பற்றி எழுதுகிறீர்கள். என் மகனுக்கு அண்ணப் பிளவு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் மூக்கால் பேசுகிறான். இந்தக் குறிகள் உதவுமா?

அம்மா, இங்கே பேசுவது வேறு விஷயம். நான் சொல்லும் அண்ணச் சாயலில் நாக்கு மேலே எழும்புகிறது. உங்கள் மகனுக்கு மூச்சு மூக்கின் வழியே கசிகிறது. இந்தக் குறிகளால் அவனுக்குப் பயன் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுங்கள், பயிற்சி போதுமா மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பதை அவர் சொல்வார்.

கேள்வி (படுகர் இளைஞர், கோத்தகிரி): எங்கள் முதியவர்கள் சில உயிர்களை நாக்கை மடித்துச் சொல்கிறார்கள். என் வயதினரிடம் அது இல்லை. அதற்கும் மேற்குறிதானா?

அதுவும் சாயல்தான், ஆனால் மெய்யில் இல்லை, உயிரில். 1930களில் இந்த மலையில் களப்பணி செய்த மொழியியலாளர் எமனோ படுக உயிர்களில் அந்த மடிப்பை இரண்டு அளவுகளாகப் பிரித்துப் பதிவு செய்தார். இன்று உலக ஒலிக்குறியில் உயிருக்குப் பின் ˞ போடுவார்கள், a˞ என்பதுபோல. பாதி மடிப்பு, முழு மடிப்பு என்று பிரிக்க அந்த ஒரே குறி போதாது. எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று உங்கள் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முதியவர்களின் குரலை இந்த ஆண்டே பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி (தட்டச்சுப் பணியாளர், கொடைக்கானல்): நான் j-யைச் சிறிதாக்கி மேலே தூக்கி வைத்துவிடுகிறேன். பார்க்க ஒன்றாகத்தானே இருக்கிறது?

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். என்னுடைய நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை ஒரு அச்சகத்தில் அப்படித்தான் அடித்தார்கள். வேறு கோப்பில் ஒட்டியபோது மேல்நிலை வடிவம் காணாமல் போய் rʲ எல்லாம் rj ஆகிவிட்டது. அது பிழையாகக்கூடத் தெரியவில்லை, ஏனென்றால் rj-யும் ஒலிக்குறியில் சரியான எழுத்துத்தான். ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்பதிவோடு மறுபடி ஒப்பிட வேண்டியதாயிற்று. தனிக் குறியீட்டு எண் உள்ள எழுத்தையே இடுங்கள்:

```
ʲ  U+02B2
ʷ  U+02B7
```

பழைய அமெரிக்க முறையில் எழுதிய குறிப்புகளிலிருந்து தட்டச்சு செய்தால் ʸ என்று வரும். அவர்களுக்கு y என்பது நம் ய். உலக ஒலிக்குறியில் y என்பது உதடு குவித்துச் சொல்லும் இகரம், தோடர் மொழியில் அந்த உயிரும் உண்டு. இரண்டு முறையையும் ஒரே கோப்பில் கலந்தால் யாராலும் பிரிக்க முடியாது.

கேள்வி (முதலில் கேட்ட மாணவி): நெடில் மெய்யானால் tʲː-வா, tːʲ-வா?

நான் tʲː எழுதுகிறேன், மெய் முழுவதும் சாயல் இருப்பதாக அது காட்டுகிறது. tːʲ என்றால் விடும்போது மட்டும் சாயல் என்று படிப்பவர் நினைக்கலாம். ஆனால் அதையே வேண்டுமென்று எழுதுபவர்களும் உண்டு, அவர்களோடு எனக்கு இன்னும் வாதம் முடியவில்லை. உங்களுக்குக் கிடைத்த பதிவில் மெய்க்கு முன்னுள்ள உயிரின் கோடு நகர்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். நகரவில்லை என்றால் எனக்கும் அனுப்புங்கள், நானும் கேட்க வேண்டும்.