14 கடைக் கணக்கும் ஒரு வீட்டுக் கணக்கும்

கேள்வி: எனக்கு வயது 44. சேலத்தில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியிடம் கணக்கர். பிடித்தம் போகக் கையில் 42,000 ரூபாய் வருகிறது. வாரத்தில் ஆறு நாள் ராத்திரி 7 முதல் 10 வரை, ஞாயிறு அரை நாள், செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் 14 கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். அதில் 21,000. வீட்டுக் கடன் 6 லட்சம் பாக்கி, தவணை 14,500. மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாவது. போன மாதம் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி "போதும், விடுங்க" என்கிறார். நண்பர்களோ ஏற்காடு அடிவாரத்தில் தவணைக்கு இடம் வாங்கச் சொல்கிறார்கள். எவ்வளவு சம்பாதித்தால் போதும்?
- பெயர் வேண்டாம், அம்மாபேட்டை

பதில்: ஊரார் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாகப் பார்க்கிறவர், சொந்த வீட்டுக் கணக்கைப் பத்திரிகைக்காரனிடம் கேட்கிறீர்கள். சரி, போடுவோம். நீங்கள் எழுதாத தொகைகளை நான் உத்தேசமாக வைத்துக்கொள்கிறேன். உண்மையான தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 21,000. பெட்ரோல் 1,500, ராத்திரி வெளியே சாப்பிடுவது 2,500, பிரிண்ட், நெட், போன் என்று 1,000. மிஞ்சுவது 16,000. வாரத்துக்கு 23 மணி நேரம், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 100 மணி நேரம். மணிக்கு 210 ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் 160.

அடுத்து வீட்டுத் தேவை. இதை மாதச் செலவை வைத்துக் கணக்கிடுகிறவர்கள் எல்லாருமே குறைத்துத்தான் போடுகிறார்கள். வங்கிப் பாஸ்புக்கை எடுத்து, போன 12 மாதத்தில் வெளியே போனதை மொத்தமாகக் கூட்டி 12-ஆல் வகுங்கள். அப்போதுதான் பள்ளிக் கட்டணம், தீபாவளி, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்து தங்கிய சொந்தக்காரர்கள், கல்யாண மொய், வண்டி ரிப்பேர் எல்லாம் உள்ளே வரும். ஓடும் செலவு 24,000, தவணை 14,500, வருஷச் செலவைப் பங்கிட்டால் மாதம் 7,000 என்று வைத்தால் 45,500 ஆகிறது. மகளின் கல்லூரிக்கு மாதம் 5,000 ஒதுக்குங்கள். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் அதற்கு 2,000. உங்கள் சம்பளம் இஎஸ்ஐ வரம்பைத் தாண்டியது, அதை நம்ப முடியாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பாலிசி எடுத்து மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பதால், சர்க்கரையை மறைக்காமல் எழுதி இப்போதே எடுத்துவிடுங்கள்.

ஆக மொத்தம் 52,500. சம்பளம் போக வெளியிலிருந்து உங்களுக்குத் தேவை 10,500. கையில் மிஞ்சுவது 16,000. ஆக, உங்கள் மனைவி சொல்வதும் முழுச் சரி இல்லை, நீங்கள் ஓடும் ஓட்டமும் முழுக்கத் தேவை இல்லை.

இந்தத் தேவைக்கு ஒரு முடிவு தேதியும் இருக்கிறது. வட்டி 9 சதவீதம் என்று வைத்தால் உங்கள் வீட்டுக் கடன் நாலு வருஷத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும். அன்றைக்குத் தேவை 38,000-ஆக இறங்கி, சம்பளத்துக்குள் அடங்கிவிடும். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் சேமிப்பு போதாததற்குக் கல்விக் கடன் வாங்கலாம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் கழித்துத்தான் பொதுவாகத் தவணை ஆரம்பிக்கும். நடுவில் வட்டி ஏறும், அதை மறக்க வேண்டாம். ஆனால் அந்தத் தவணை வரும்போது வீட்டுக் கடன் இருக்காது.

இப்போது உடம்பு. கடையில் 48 மணி நேரம், வெளியே 23, ஆக வாரம் 71. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று மதிப்பிட்டார்கள். இது கூட்டத்துக்குச் சொன்ன கணக்கு, உங்கள் ஜாதகம் இல்லை. ஆனால் பிரஷரும் சர்க்கரையும் வந்துவிட்ட ஒருவர், ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுப்பதற்கு இதைவிட மோசமான வயது கிடையாது. நீங்கள் படுத்துவிட்டால் நிற்கப்போவது 21,000 மட்டுமில்லை, அந்த 42,000-மும் சேர்ந்துதான்.

எதை விடுவது என்பதுதான் உங்கள் தொழில் சாமர்த்தியம். 14 கடைக்கும் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: அவர் தரும் கூலி, அவர் தின்னும் மணி நேரம். இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும், 11-ஆம் தேதி விற்பனை விவரம் ஏற்ற வேண்டுமென்றால் 9-ஆம் தேதி ராத்திரி ஒரு பை நிறைய கசங்கின பில்லோடு வருகிற கடை ஒன்று கட்டாயம் இருக்கும். உங்களிடம் அப்படி நாலு கடை, ஆளுக்கு 1,000 கொடுத்துவிட்டு உங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன என்று வையுங்கள். அவற்றை விட்டால் வரவு 4,000 குறையும், செலவும் 1,500 குறையும். உண்மையான நஷ்டம் 2,500. கிடைக்கும் நேரம் மாதம் 33 மணி. அதாவது அந்த நாலு பேரும் உங்களுக்கு மணிக்கு 75 ரூபாய்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகும் கையில் 13,500 மிஞ்சும். தேவை 10,500 தானே?

அப்போதும் வாரம் 63 மணி நேரம் இருக்கும். விற்றுமுதல் ஐந்து கோடிக்குள் இருக்கும் சில்லறைக் கடைகளைக் காலாண்டு முறைக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் குறையும். மாதாமாதம் வரியை உத்தேசமாகக் கட்டிவிட்டு விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருவது உங்களுக்குத் தெரியாததில்லை. வியாபாரிகளுக்கு விற்கிற மொத்தக் கடைகளுக்கு இது ஒத்துவராது, அவர்களிடம் வாங்குகிறவர் தான் கொடுத்த வரிக்கு மாதாமாதம் வரவு கேட்பார். சில்லறைக் கடைகளில் மட்டும் செய்து ஞாயிற்றுக்கிழமையை மீட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காடு இடத்தைப் பற்றி. மாதம் 9,000 தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட அன்றே உங்கள் தேவை 10,500-லிருந்து 19,500 ஆகிவிடும். 14 கடையும் பத்தாது, இன்னும் இரண்டு மூன்று பிடிக்க வேண்டும். கூடுதல் வருமானம் வருகிற தைரியத்தில் தவணை போட்டு, பிறகு அந்தத் தவணைக்காகவே கூடுதல் வருமானத்தை விட முடியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் சேலத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய்வர ஒரு ஞாயிறு கிடைக்காத மனிதருக்கு அடிவாரத்தில் எதற்கு ஐயா மனை?

உங்களுக்குக் கந்துவட்டிக் கடன் இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதை அடைக்கும் வரை ஒரு கடையையும் விடாதீர்கள் என்றிருப்பேன். உங்களுக்கு இருப்பது வீட்டுக் கடன், அது தன் பாட்டில் முடியும்.

இந்த மாதம் 20-ஆம் தேதி 3பி வரிக் கணக்கை ஏற்றி முடித்ததும் நாலு கடைக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள். புதிதாக பி.காம் முடித்த பையன் யாராவது இருந்தால் கையைப் பிடித்து அறிமுகம் செய்துவிடுங்கள், பகை வராது. மூன்று மாதம் வீட்டுச் செலவை உங்கள் மனைவி எழுதட்டும். 45,500-ஐத் தாண்டினால் நல்ல கூலி தரும் கடையாகப் பார்த்து ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பையோடு வருகிறவர்களை மட்டும் திரும்பச் சேர்க்காதீர்கள்.